95 விழுக்காடு என்றால் எத்தனை பேர்?

மலேசியாவில் கோவிட் தடுப்பூசித் திட்டம் 2021 பிப்ரவரி 24ஆம் நாள் தொடங்கியது. அந்த ஆண்டில் தோட்டத்து லயங்களில் இரண்டு எண்கள் அதிகம் அடிபட்டன. "ஃபைசர் தடுப்பூசி 95 விழுக்காடு பலன் தரும்" என்பது ஒன்று. "அதெல்லாம் பொய், உண்மையான பலன் ஒரு விழுக்காடுகூட இல்லை, 0.84 விழுக்காடுதான்" என்று கைத்தொலைபேசியில் கைமாறி வந்த செய்தி மற்றொன்று. ஒரே ஊசிக்கு இரண்டு எண்களா, இதில் யார் சொல்வது பொய் என்று பலர் குழம்பினார்கள். உண்மையில் இரண்டு எண்களும் ஒரே சோதனையிலிருந்து வந்தவை. இரண்டும் சரியான கணக்குகளே. ஆனால் இரண்டும் இரு வேறு கேள்விகளுக்கான விடைகள். அதை விளங்கிக்கொள்வதே இன்றைய உரையின் நோக்கம்.

முதலில் கடைத்தெருவுக்குப் போவோம். துணிக்கடைக்காரர் "எல்லாம் பாதி விலை" என்று பலகை வைத்திருக்கிறார். 40 வெள்ளிச் சேலையை வாங்கினால் நமக்கு 20 வெள்ளி மிச்சம். 2 வெள்ளிக் கைக்குட்டையை வாங்கினால் ஒரு வெள்ளிதான் மிச்சம். கடைக்காரர் இரண்டிலும் சொன்னபடி பாதியைக் குறைத்திருக்கிறார். ஆனால் நம் பையில் தங்கிய பணம் ஒன்றல்ல. "எந்த அளவில் குறைந்தது?" என்பது ஒரு கேள்வி. "எத்தனை வெள்ளி மிச்சம்?" என்பது இன்னொரு கேள்வி. முதல் விடையை வைத்துக்கொண்டு இரண்டாவது விடையைச் சொல்லிவிட முடியாது. அதற்குப் பழைய விலையும் தெரிய வேண்டும்.

தடுப்பூசிக் கணக்கும் இப்படித்தான். ஊசி போடாதவர்களோடு ஒப்பிட்டு நோய் எந்த அளவுக்குக் குறைந்தது என்று சொல்வதை ஒப்பீட்டுக் குறைவு என்கிறார்கள். பத்தாயிரம் பேரில் எத்தனை பேர் நோயிலிருந்து தப்பினார்கள் என்று தலைகளை எண்ணிச் சொல்வது நேரடிக் குறைவு. நாம் எளிமையாக ஒன்றை ஒப்புக் கணக்கு என்றும் மற்றொன்றைத் தலைக் கணக்கு என்றும் வைத்துக்கொள்வோம்.

இனி அந்தச் சோதனைக்கு வருவோம். 2020 ஜூலை இறுதியில் தொடங்கிய அந்தச் சோதனையில் அமெரிக்கா, அர்ஜென்டினா, பிரேசில் முதலிய நாடுகளைச் சேர்ந்த 43,000க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். குலுக்கல் முறையில் அவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குத் தடுப்பூசி. மறு பாதிக்கு வெறும் உப்புநீர் ஊசி. தமக்குப் போட்டது எது என்று போட்டுக்கொண்டவர்களுக்குத் தெரியாது. அதன் பிறகு அவர்கள் வழக்கம்போல் தத்தம் வீட்டில் வாழ்ந்தார்கள். யாருக்காவது காய்ச்சல், இருமல் போன்ற அறிகுறி தோன்றினால் சோதித்துப் பார்த்தார்கள். இரண்டாவது ஊசி போட்டு ஏழு நாள் கழிந்த பிறகு வந்த நோயை மட்டும் கணக்கில் எடுத்தார்கள்.

நவம்பர் மாதத்தில் எண்ணிப் பார்த்தபோது, உப்புநீர் ஊசி போட்ட 18,325 பேரில் 162 பேருக்கு நோய் கண்டிருந்தது. தடுப்பூசி போட்ட 18,198 பேரில் 8 பேருக்குத்தான் கண்டிருந்தது. இதைப் பத்தாயிரம் பேருக்கு இத்தனை என்று மாற்றினால் நமக்கு எளிது. உப்புநீர்க் கூட்டத்தில் பத்தாயிரத்துக்கு 88 பேர். தடுப்பூசிக் கூட்டத்தில் பத்தாயிரத்துக்கு 4 பேர்.

இப்போது ஒப்புக் கணக்கைப் போடுவோம். 88 ஆக இருக்க வேண்டியது 4 ஆகிவிட்டது. குறைந்தது 84. இந்த 84, அந்த 88இல் எத்தனை விழுக்காடு? ஏறக்குறைய 95. விளம்பரத்தில் வந்த 95 இதுதான்.

அடுத்து தலைக் கணக்கு. பத்தாயிரம் பேரில் தப்பியவர்கள் 84 பேர். நூற்றுக்கு எத்தனை என்றால் 0.84. கைத்தொலைபேசியில் வந்த 0.84 இதுதான். இதையே வேறு விதமாகவும் சொல்லலாம். ஏறக்குறைய 119 பேருக்குத் தடுப்பூசி போட்டால், அந்தச் சில வாரங்களில், அவர்களில் ஒருவர் நோயிலிருந்து தப்புகிறார்.

இங்கே ஒரு தவறான புரிதலை நீக்கிவிட வேண்டும். 95 விழுக்காடு பலன் என்றால், ஊசி போட்ட நூறு பேரில் ஐந்து பேருக்கு நோய் வந்தே தீரும் என்று பலர் எண்ணினார்கள். அப்படி அன்று. அந்தச் சோதனையில் ஊசி போட்டவர்களில் நோய் கண்டவர்கள் பத்தாயிரத்துக்கு நால்வர்தான். மீதி ஐந்து விழுக்காடு என்பது, ஊசி இல்லாவிட்டால் வந்திருக்கக்கூடிய நோயில் எஞ்சிய பங்கு. அது ஆட்களின் பங்கு அன்று.

சரி, 0.84 இவ்வளவு சிறியதாக இருப்பது ஏன்? ஊசி பலவீனமானது என்பதாலா? உப்புநீர்க் கூட்டத்தைப் பாருங்கள். ஊசியே போடாத அவர்களுக்கும் பத்தாயிரத்தில் 88 பேருக்குத்தான் நோய் வந்தது. அதாவது 100 பேரில் ஒருவருக்கும் குறைவு. காரணம், கவனித்த காலம் குறைவு; சராசரியாக இரண்டு மாதந்தான். அந்த இரண்டு மாதத்தில் நோய் எல்லாரையும் தேடி வந்துவிடவில்லை. வராத நோயிலிருந்து எந்த ஊசியும் யாரையும் காப்பாற்ற முடியாது. ஊசி நோயை அறவே ஒழித்திருந்தாலும் தலைக் கணக்கு 0.88ஐத் தாண்டியிருக்காது. கைக்குட்டையை இலவசமாகவே கொடுத்தாலும் 2 வெள்ளிக்கு மேல் மிச்சம் ஆகாது அல்லவா? அதுபோலத்தான்.

இது வெறும் வாதம் அன்று. அதே சோதனையை 2021 மார்ச் வரை தொடர்ந்து கவனித்தார்கள். அதற்குள் புதிதாகச் சிலரும் சேர்க்கப்பட்டு, ஒவ்வொரு கூட்டத்திலும் ஏறக்குறைய 21,000 பேர் கணக்கில் இருந்தார்கள். ஆறு மாதம் வரை கவனித்ததில், உப்புநீர்க் கூட்டத்தில் 850 பேருக்கும் தடுப்பூசிக் கூட்டத்தில் 77 பேருக்கும் நோய் கண்டது. பத்தாயிரத்துக்கு இத்தனை என்று பார்த்தால் 403 பேர், 37 பேர். ஒப்புக் கணக்கில் இது 91 விழுக்காடு. அதாவது 95இலிருந்து சற்று இறங்கிவிட்டது. ஆனால் தலைக் கணக்கில் தப்பியவர்கள் பத்தாயிரத்துக்கு 366 பேர். முன்பு 0.84 ஆக இருந்தது இப்போது 3.66 ஆகிவிட்டது. ஏறக்குறைய 27 பேருக்கு ஊசி போட்டால் ஒருவர் தப்புகிறார்.

இந்த இடத்தில் சற்று நின்று யோசியுங்கள். ஊசியின் வலிமை கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஆனால் தப்பியவர் தொகையோ நான்கு மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது. ஏனென்றால் காலம் நீண்டது, நோயும் பெருகியது. ஆகவே தலைக் கணக்கு ஊசியின் வலிமையை மட்டும் காட்டுவதில்லை. அந்த ஊரில், அந்தக் காலத்தில் நோய் எவ்வளவு பரவியிருந்தது என்பதையும் சேர்த்தே காட்டுகிறது. 2021 ஆகஸ்டில் மலேசியாவில் நாளொன்றுக்கு 20,000 பேருக்கு மேல் நோய் பதிவான நாட்கள் உண்டு. வேறு நாட்டில் 2020இல் இரண்டு மாதம் பார்த்துக் கிடைத்த 0.84ஐ அப்படிப்பட்ட காலத்துக்குப் பொருத்திப் பார்ப்பது முறையாகாது.

ஒப்புக் கணக்குக்கும் எல்லை உண்டு. அந்த 95, அறிகுறியோடு வந்த நோயைப் பற்றியது. கிருமியே ஒட்டாது என்று அது சொல்லவில்லை. காலம் செல்லச் செல்லவும், கிருமி உருமாறி வரவும் அந்த எண் குறைந்தது. 2021இன் இறுதியில் ஒமிக்ரான் பரவியபோது, ஊசி போட்ட பலருக்கும் நோய் வந்ததை நாம் கண்டோம். எனவே 95 என்பது ஊசியின் மீது என்றென்றைக்கும் அடித்த முத்திரை அன்று.

இதே கணக்கு பழைய காலத்திலும் நடந்திருக்கிறது. 1954இல் அமெரிக்காவில் சால்க் என்பவரின் இளம்பிள்ளை வாதத் தடுப்பூசியைச் சோதித்தார்கள். மருந்தில்லாத ஊசி போட்ட பிள்ளைகளில் ஒரு லட்சத்துக்கு 57 பேருக்கு வாதம் கண்டது. தடுப்பூசி போட்டவர்களில் ஒரு லட்சத்துக்கு 16 பேர். ஒப்புக் கணக்கில் ஏறத்தாழ 72 விழுக்காடு. தலைக் கணக்கில் ஒரு லட்சத்துக்கு 41 பிள்ளைகள், விழுக்காட்டில் 0.04. இந்த 0.04ஐ மட்டும் பார்த்து ஊசியை ஒதுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 1952இல் அந்த நாட்டில் ஏறக்குறைய 58,000 பேருக்கு அந்த நோய் கண்டது. ஊசி பரவலாகப் போடப்பட்ட பின், 1957இல் அது 6,000க்கும் கீழே வந்தது. ஒரு பருவத்தில் ஒரு பிள்ளைக்குள்ள ஆபத்து சிறியது. ஆனால் ஆண்டுக்கு ஆண்டு அது திரும்பி வருகிறது, பிள்ளைகளோ கோடிக்கணக்கானவர்கள்.

அப்படியானால் தலைக் கணக்கு தேவையில்லையா? மிகவும் தேவை. மருந்து விற்பவர் பெரிய எண்ணையே காட்ட விரும்புவார். பத்து லட்சம் பேரில் இருவருக்கு வரும் நோயை ஒருவருக்குக் குறைத்துவிட்டு, "பாதியாகக் குறைக்கும்" என்று சொன்னால் அது பொய்யாகாது; ஆனால் அதற்காக நாம் கடன் வாங்கி மருந்து வாங்க வேண்டியதும் இல்லை. பக்க விளைவை எடைபோடவும் தலைக் கணக்குதான் வேண்டும். நன்மையை விழுக்காட்டிலும் தீமையைத் தலைகளிலும் சொன்னால் தராசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். இரண்டையும் பத்தாயிரம் பேரில் எத்தனை பேர் என்றே கேட்க வேண்டும். கேட்கும்போது நோயின் கடுமையையும் சேர்த்துக் கேட்க வேண்டும். நான்கு நாள் காய்ச்சலையும் மருத்துவமனையில் மூச்சுத் திணறிக் கிடப்பதையும் ஒரே தலையாக எண்ணிவிடக் கூடாது.

ஆகவே நேயர்களே, ஏதேனும் ஒரு மருந்தோ ஊசியோ இத்தனை விழுக்காடு பலன் தரும் என்று யாராவது சொன்னால், மூன்று கேள்விகளைக் கேளுங்கள். போடாதவர்களில் பத்தாயிரத்துக்கு எத்தனை பேருக்கு அந்த நோய் வந்தது? போட்டவர்களில் எத்தனை பேருக்கு வந்தது? எவ்வளவு காலம் கவனித்துப் பார்த்தார்கள்? இந்த மூன்றும் கையில் இருந்தால், பெரிய எண்ணையும் சிறிய எண்ணையும் நீங்களே ஒரு துண்டுத் தாளில் போட்டுப் பார்த்துவிடலாம். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைக்குத் தெரிந்த கழித்தலும் வகுத்தலும் அதற்குப் போதும்.