ஃப்ரேமுக்கு எத்தனை மில்லிஜூல்?

துறையின் வரலாற்றை ஒரு சுற்றுச் சுற்றி வருவது தலைமை உரையின் வழக்கம். அதை விட்டுவிட்டு, இந்தக் கருத்தரங்குக்கு வந்த கட்டுரைச் சுருக்கங்களில் திரும்பத் திரும்பக் கண்ட ஒரு முறையைப் பற்றி மட்டும் பேசுகிறேன். விளையாட்டில் நிழலையோ இயற்பியல் கணக்கையோ நிறுத்திவிட்டு ஓட்டிப் பார்க்கிறோம். எத்தனை வாட் குறைந்ததோ அதை அந்தப் பகுதியின் பற்றாக எழுதுகிறோம். முறையில் குற்றமில்லை. ஆனால் அது நம்மை ஏமாற்றும் இடங்கள் சில உண்டு.

இந்த முறை ஏன் தேவைப்படுகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். பிக்சல் 6 முதலான போன்களில், மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் சிப்பிலேயே அளவி இருக்கிறது. பெரிய சிபியு கோர்கள், சிறிய கோர்கள், ஜிபியு, நினைவகம், திரை, வைஃபை என ஒவ்வொன்றுக்கும் போகும் மின் இணைப்பைப் பவர் ரெயில் என்கிறோம். அந்த ரெயில்களில் ஓடிய ஆற்றலைத்தான் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவின் பவர் ப்ரொஃபைலரும் பெர்ஃபெட்டோவும் காட்டுகின்றன. பெர்ஃபெட்டோவில் `collect_power_rails` என்பதை இயக்கினால் `power.rails.gpu`, `power.rails.cpu.big` போன்ற தடங்கள் வரும். அவற்றில் இருப்பது மைக்ரோவாட்-வினாடியில் ஏறிக்கொண்டே போகும் கூட்டுத்தொகை. வீட்டு மின்மீட்டரைப் படிப்பதுபோல, முடிவெண்ணிலிருந்து தொடக்க எண்ணைக் கழித்து நேரத்தால் வகுக்க வேண்டும். 60 வினாடியில் 2,10,00,000 ஏறியிருந்தால் 21 ஜூல், சராசரி 0.35 வாட்.

இந்த மீட்டருக்கு வன்பொருள் தெரியும், விளையாட்டு தெரியாது. ஜிபியு இத்தனை தின்றது என்று சொல்லும். நிழலுக்கா, புகைத் துகளுக்கா என்று சொல்லாது. ஏன், நம் விளையாட்டுக்கா, பின்னணியில் ஓடிய வேறொரு செயலிக்கா என்றுகூடச் சொல்லாது. அது முழு போனின் கணக்கு. நேரத்தை அளக்கும் வழக்கமான ப்ரொஃபைலர் இந்த இடைவெளியை நிரப்பாது. பெரிய கோரில் ஓடிய ஒரு மில்லிவினாடியும் சிறிய கோரில் ஓடிய ஒரு மில்லிவினாடியும் மின்செலவில் ஒன்றல்ல. ஆகவேதான் நிறுத்திப் பார்க்கிறோம்.

முதல் ஏமாற்று ஃப்ரேம் வேகத்தில் இருக்கிறது. வேக வரம்பு வைக்காத ஒரு விளையாட்டு வினாடிக்கு 40 ஃப்ரேமில் 4 வாட் இழுக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஜிபியு முழு மூச்சில் ஓடுகிறது. நிழலை நிறுத்துகிறோம். ஜிபியு ஓய்வெடுக்குமா? எடுக்காது. மிச்சமான நேரத்தில் இன்னும் சில ஃப்ரேம்களை வரைந்து 50க்குப் போய்விடும். மீட்டரில் அதே 4 வாட். நிழலுக்கு மின்செலவே இல்லை என்று ஒரு கட்டுரை முடிவு கட்டிவிடும். உண்மையில் ஃப்ரேமுக்கு 100 மில்லிஜூலாக இருந்தது 80 ஆகியிருக்கிறது. அதனால் இரண்டு வடிவங்களும் சிரமமில்லாமல் எட்டக்கூடிய ஒரு வேகத்தை, பெரும்பாலும் 30ஐ, வரம்பாக வைத்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். யூனிட்டியில் `Application.targetFrameRate` போதும். அதற்கு வழியில்லாதபோது வாட்டை ஃப்ரேம் வேகத்தால் வகுத்து மில்லிஜூலாகவாவது தாருங்கள்.

இரண்டாவது கொஞ்சம் நுட்பமானது. ப்ளூம் என்ற ஒளிர்வு விளைவை எடுத்துக்கொள்கிறேன். பிக்சல் 6 திரையில் 1080 × 2400, அதாவது ஏறத்தாழ 26 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு 4 பைட் என்றால் முழுத்திரைப் படம் ஒன்று 10.4 மெகாபைட். அதை ஒரு முறை எழுதி ஒரு முறை படித்தால், வினாடிக்கு 60 ஃப்ரேமில் 1.24 ஜிகாபைட் போக்குவரத்து. வெளி நினைவகத்தில் வினாடிக்கு ஒரு ஜிகாபைட்டுக்கு 80 முதல் 100 மில்லிவாட் என்பது ஆர்ம் நிறுவனம் தரும் தோராயக் கணக்கு. ஆக, முழுத்திரை விளைவு ஒவ்வொன்றும் நினைவகத்துக்காக மட்டும் 100 முதல் 125 மில்லிவாட் வரை கேட்கும். மூன்று விளைவுகளை அடுக்கினால் சுமார் ஒரு வாட்டில் மூன்றிலொரு பங்கு. அந்தப் போனின் பேட்டரி 4614 மில்லிஆம்பியர்-மணி, ஏறத்தாழ 17.8 வாட்-மணி. 3 வாட்டில் ஆறு மணி நேரம் ஓடுவது 2.7 வாட்டில் ஆறரையைத் தாண்டும்.

இது உச்ச வரம்புதான். ஃப்ரேம்பஃபர் சுருக்கமும் சிப்பினுள்ளிருக்கும் கேஷும் இதைக் குறைக்கும். அளவு கணக்குக்குக் கீழே வந்தால் கவலை வேண்டாம். மேலே போனால்தான் தேட வேண்டும். மொபைல் ஜிபியு திரையைச் சிறு கட்டங்களாகப் பிரித்து உள்நினைவகத்திலேயே வரைகிறது. வரைந்து முடிந்ததும் யாருக்கும் தேவைப்படாத ஆழப் பஃபரையும் வெளியே எழுதச் சொல்லிவிட்டால், அது மட்டுமே வினாடிக்கு இன்னொரு 0.62 ஜிகாபைட். வல்கனில் `VK_ATTACHMENT_STORE_OP_DONT_CARE` என்று குறித்தால் நின்றுவிடும். ஒரே ஒரு வரி. என் அனுபவத்தில் அழகழகான அல்காரிதங்களைவிட இந்த வரி அதிகம் மிச்சப்படுத்தியிருக்கிறது.

ஏமாற்று எங்கே என்கிறீர்களா? ப்ளூமை நிறுத்தினால் காட்சியும் மங்குகிறது. ஓஎல்இடி திரையில் மங்கல் படத்துக்குக் குறைந்த மின்சாரமே போதும். மொத்த வாட்டை மட்டும் பார்ப்பவர், திரை மிச்சப்படுத்தியதையும் ப்ளூம் தலையில் எழுதிவிடுவார். நினைவக ரெயில், ஜிபியு ரெயில், திரை ரெயில் மூன்றையும் தனித்தனியே தந்தால் இது உடனே தெரிந்துவிடும்.

வெப்பம் எல்லோரும் அறிந்தது, அறிந்தும் விடுவது. சூடான சிப் அதே வேலைக்குக் கசிவு மின்னோட்டத்தால் கூடுதலாக இழுக்கும். முதலில் ஓட்டியது குளிர்ந்த போனில், அடுத்தது சூடான போனில் என்றால் ஒப்பீடு வீண். அ, ஆ, ஆ, அ என்ற வரிசையில் ஓட்டுங்கள். யுஎஸ்பி கம்பியையும் கழற்றிவிடுங்கள். `adb shell dumpsys battery unplug` என்ற கட்டளை கம்பி கழன்றதாக ஆண்ட்ராய்டை நம்பவைக்குமே தவிர, சார்ஜ் ஏறுவதை நிறுத்தாது. ரெயில் அளவுகளில் அது நேரடியாகத் தெரியாவிட்டாலும் சார்ஜ் வெப்பம் உள்ளே வந்துவிடும்; பேட்டரி மின்னோட்ட எண்ணோ முற்றிலும் பொய்யாகும். வைஃபை வழியே பதிவை அனுப்பிக்கொண்டே அளப்பதும் வைஃபை ரெயிலைக் கெடுக்கும். போனிலேயே பதிவுசெய்து, முடிந்தபின் எடுங்கள்.

கூட்டல் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நிழலை நிறுத்தியபோது குறைந்ததையும் ப்ளூமை நிறுத்தியபோது குறைந்ததையும் கூட்டி, இரண்டையும் நிறுத்தினால் இவ்வளவு குறையும் என்று சில சுருக்கங்கள் சொல்கின்றன. அப்படி அமையாது. வேலை குறையும்போது சிப் தன் கடிகார வேகத்தையும், கூடவே மின்னழுத்தத்தையும் ஒரு படி இறக்கும். திறன் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், படி இறங்கும் இடத்தில் பெரிய சரிவும் மற்ற இடங்களில் சிறு சரிவும் வரும். எதை முதலில் நிறுத்தினோம் என்பதைப் பொறுத்து பழி மாறும். ஜிபியு, சிபியு கடிகார வேகத் தடங்களையும் அதே பதிவில் சேர்த்திருந்தால் இந்தப் படியைக் கண்ணால் காணலாம். சேர்க்காத கட்டுரையாளர்களிடம் கேள்வி நேரத்தில் நானே கேட்பேன்.

கடைசியாக, தீராத ஒரு சிக்கல். நம்மூரில் பெரும்பாலோர் விளையாடுவது ரெயில் அளவி இல்லாத, விலை குறைந்த போன்களில். பிக்சலில் கிடைத்த வாட் எண் அங்கே செல்லாது. திரை வேறு, நினைவகம் வேறு. எந்தப் பகுதி அதிகம், எது குறைவு என்ற வரிசையாவது செல்லுமா? நினைவகப் போக்குவரத்தில் செல்லும் என்று நினைக்கிறேன். சிபியு வேலையில் அவ்வளவு உறுதியில்லை, கோர் அமைப்பு போனுக்குப் போன் மாறுவதால். முதல் அமர்வின் இரண்டு கட்டுரைகள் இதையே எடுத்துக்கொள்கின்றன, இரண்டும் எதிரெதிர் முடிவுக்கு வருகின்றன. வேண்டுமென்றேதான் அவற்றை அடுத்தடுத்து வைத்திருக்கிறோம். முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.