குட்டி நாய்க்கு ஊசி ஏன் பல முறை?

இறம்பொடைத் தோட்ட லயமொன்றுக்கு 6 வார நாய்க்குட்டி வந்து சேரும்போது, தாய்ப்பாலின் வழியே பெற்ற எதிர்ப்புச்சக்தி, அதாவது கிருமியைத் தடுக்கும் புரதங்கள், அதன் இரத்தத்தில் எஞ்சியிருந்து தடுப்பூசியையும் செயலிழக்கச் செய்யக்கூடும் என்பதால், இரத்த வயிற்றுப்போக்கை உண்டாக்கும் பார்வோ வைரசுக்கான ஊசி 3 அல்லது 4 வார இடைவெளியில், குட்டிக்கு 16 வாரமாகும்வரை மீண்டும் மீண்டும் போடப்படுகிறது. முதல் ஊசியோடு நிறுத்தினால் பாதுகாப்பு உறுதியாகாது. உணவை மறுத்து, வாந்தியெடுத்துச் சோர்ந்து கிடக்கும் குட்டியை அன்றே மிருக வைத்தியரிடம் காட்ட வேண்டும். விசர்நோய்த் தடுப்பூசி தனியானது. அரசு அதை இலவசமாகவே போடுகிறது.

ஊசி நாளுக்கு முன்பிருந்தே பாதங்களையும் காதுகளையும் தினமும் மெல்லத் தொட்டு, குட்டி அடங்கியிருக்கும் கணத்திலேயே உப்பில்லாமல் அவித்த, எலும்பு நீக்கிய கோழித் துணுக்கைக் கொடுத்துப் பழக்கினால், அது ஊசியை மறந்து வைத்தியரின் சட்டைப்பையை மோப்பம் பிடிக்கத் தொடங்கும்; அத்துணுக்குகளின் அளவை அன்றைய 4 வேளை உணவிலிருந்து குறைத்துக்கொள்வது குட்டியின் வயிற்றுக்கு நல்லது.