ஓர் எண் மாறினால் தன்னைத் திருத்திக்கொள்ளும் வரைபடம்

கணினியில் வரையப்படும் பொறியியல் வரைபடத்தில் ஒரு கோட்டின் நீளம் 80 மில்லிமீட்டர் என்று எழுதப்பட்டிருந்தால், அந்த எண் பொதுவாக அக்கோட்டைப் பற்றிய ஒரு குறிப்பு மட்டுமே. கோட்டை வரைந்த பின்னர் அளந்து எழுதப்பட்டதே தவிர, அக்கோட்டை ஆளுகின்ற எண் அன்று. இந்த உறவைத் தலைகீழாக்கி, எண்ணை மாற்றினால் கோடே மாறும்படி செய்யும் முறை 1963ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் ஐவன் சதர்லாந்து உருவாக்கிய 'ஸ்கெட்ச்பேட்' என்னும் நிரலிலேயே இருந்தது. எனினும், வரைவாளர்கள் பரவலாகப் பயன்படுத்தும் ஆட்டோகேட் மென்பொருளின் இருபரிமாண வரைவில் அது 2010ஆம் பதிப்பில்தான் இடம்பெற்றது. இம்முறையில் இரு வகைக் கட்டுப்பாடுகள் உள்ளன. இணையாக இரு, தொட்டு நில், ஒரே மையம் கொள் என்று உறவை மட்டும் விதிப்பவை வடிவியல் கட்டுப்பாடுகள். நீளம், ஆரம், கோணம் ஆகியவற்றுக்கு மதிப்பு விதிப்பவை பரிமாணக் கட்டுப்பாடுகள்.

இவை எவ்வாறு இயங்குகின்றன என்பதைக் காண ஓர் எளிய இணைப்புத் தகடு போதும். இரு போல்ட்டுகளுக்கான இரு துளைகளும், இருபுறமும் அரைவட்டமாக முடியும் விளிம்பும் கொண்ட அந்தத் தகட்டின் வெளியுருவம் இரண்டு கோடுகளாலும் இரண்டு விற்களாலும் ஆனது. துளைகள் இரண்டு வட்டங்கள். ஒரு கோட்டின் நிலையை முழுமையாகச் சொல்ல அதன் இரு முனைகளுக்குமாக நான்கு எண்கள் தேவை. வட்டத்துக்கு மையத்தின் இரு எண்களும் ஆரமுமாக மூன்று. வில்லுக்கு, அது தொடங்கும் கோணமும் முடியும் கோணமும் சேர ஐந்து. இவ்வாறு கூட்டினால் அந்த எளிய தகட்டுக்கே 24 எண்கள் வருகின்றன. தன்விருப்பப்படி மாறக்கூடிய இந்த எண்களுக்குச் சுதந்திர இயக்கக்கூறுகள் என்று பெயர். ஒவ்வொரு கட்டுப்பாடும் இவற்றுள் ஒன்றையோ இரண்டையோ அடைக்கிறது. இருபத்து நான்கும் மிச்சமின்றியும் மிகையின்றியும் அடைக்கப்பட்டால்தான் தகடு எதிர்பார்த்தபடி அளவு மாறும்.

முதலில் வடிவியல் கட்டுப்பாடுகளை இடுவதே நல்ல முறை. கோடுகளும் விற்களும் சந்திக்கும் நான்கு இடங்களிலும் முனைகளைப் பொருத்தினால் எட்டுக் கூறுகள் அடைபடுகின்றன. அந்த நான்கு இடங்களிலும் கோடு வில்லைத் தொடுகோடாகத் தொட வேண்டும் என்று விதித்தால் மேலும் நான்கு. இரு விற்களும் சம ஆரம் கொள்வதால் ஒன்று, துளைகள் தத்தம் விற்களோடு பொதுமையம் கொள்வதால் நான்கு, இரு துளைகளும் சமமாவதால் ஒன்று, ஒரு கோடு கிடையாக நிற்பதால் ஒன்று, இடப்பக்க வில்லின் மையத்தைத் தாளில் ஓரிடத்தில் நிலைநிறுத்துவதால் இரண்டு என மொத்தம் 21 கூறுகள் அடைபட்டு விடுகின்றன. மீதமிருப்பவை துளையின் விட்டம், வில்லின் ஆரம், மையங்களுக்கிடையிலான தூரம் ஆகிய மூன்றே. ஒரு தகடு செய்யும் பட்டறைக்காரர் கேட்கும் மூன்று அளவுகளும் இவையே.

இரு கோடுகளும் இணையாக இருக்க வேண்டும் என்பது மேற்கண்ட கணக்கில் எங்கும் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. சம ஆரமுள்ள இரு விற்களை வெளிப்புறமாகத் தொடும் கோடுகள் இணையாகத்தான் இருக்க முடியும். ஆதலால் அந்தக் கட்டுப்பாடு புதிதாக எதையும் சொல்வதில்லை. இதை உணராமல், கண்ணுக்குத் தெரியும் ஒவ்வோர் உறவையும் கட்டிப்போட முயல்பவர்கள், மிகைக் கட்டுப்பாடு என்று மென்பொருள் மறுக்கும்போது திகைக்கிறார்கள். இரு மையங்களையும் நிலைநிறுத்திவிட்டுப் பின்னர் அவற்றுக்கிடையே தூரத்தை விதிக்க முனைவதும் இதே பிழைதான். நகர இடமில்லாத இரு புள்ளிகளுக்கு மாறும் தூரம் எவ்வாறு அமையும்?

மறுபக்கப் பிழையான குறைக் கட்டுப்பாடு இதைவிடத் தீயது, ஏனெனில் மென்பொருள் அதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. வரையும்போது கோடு வில்லைத் துல்லியமாகத் தொட்டிருந்தாலும், தொடுகை கட்டுப்பாடாக விதிக்கப்படாவிட்டால், ஆரத்தைப் பெரிதாக்கியதும் இணையும் இடத்தில் ஒரு சிறு முறிவு தோன்றும். இதைக் கண்டறிய எளிய வழி, பரிமாணங்களை விதிப்பதற்கு முன் ஒரு வில்லின் மையத்தையோ கோட்டின் முனையையோ சுட்டியால் இழுத்துப் பார்ப்பது. தகடு நீளலாம், தடிக்கலாம், ஆனால் தகட்டின் உருவம் குலையக் கூடாது. மூன்று பரிமாணங்களையும் விதித்த பின்னர் இழுத்தால் எதுவுமே அசையக் கூடாது.

அந்த மூன்று பரிமாணங்களையும் ஒரே மதிப்புக்குக் கீழ்ப்படுத்துவதே அடுத்த வேலை. `PARAMETERS` என்னும் கட்டளை திறக்கும் பட்டியலில் `bolt` என்ற பெயரில் ஒரு மாறியை உண்டாக்கி அதற்கு 20 என்று மதிப்புக் கொடுத்து, மற்ற மூன்றையும் எண்களாக அன்றிச் சூத்திரங்களாக எழுத வேண்டும்:

```
hole = bolt + 2
rad  = hole * 1.5
dist = bolt * 4
```

இவை மனம்போன போக்கில் எழுதியவை அல்ல. எஃகுக் கட்டுமானத்துக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 800, அதன் 2007ஆம் ஆண்டுப் பதிப்பில், 16 முதல் 24 மில்லிமீட்டர் வரையிலான போல்ட்டுக்குத் துளை 2 மில்லிமீட்டர் பெரிதாக இருக்க வேண்டும் என்கிறது. இயந்திரத்தால் வெட்டிய விளிம்புக்கும் துளை மையத்துக்கும் இடையே துளை விட்டத்தின் ஒன்றரை மடங்காவது இடைவெளி வேண்டும் என்கிறது. மையங்களுக்கிடையே போல்ட் விட்டத்தின் இரண்டரை மடங்கே அது கேட்கும் குறைந்த அளவு; இங்கே நான்கு மடங்கு என்பது வடிவமைப்பாளரின் தேர்வு.

போல்ட் 20 என்றால் துளை 22, ஆரம் 33, மையத் தூரம் 80. தகட்டின் மொத்த நீளம் 146, அகலம் 66. அந்த 20ஐ அழித்து 24 என்று எழுதினால், வேறெதையும் தொடாமலே, துளை 26 ஆகவும் ஆரம் 39 ஆகவும் தூரம் 96 ஆகவும் மாறி, தகடு 174க்கு 78 என்று வளர்ந்து நிற்கிறது. வெறுமனே பெரிதாக்கும் கட்டளையால் இதைப் பெற முடியாது. போல்ட் 20இலிருந்து 24 ஆவது 1.2 மடங்கு, அந்த மடங்கில் துளையையும் பெருக்கினால் 26.4 வரும். கூட்டலால் அமைந்த உறவைப் பெருக்கலால் காப்பாற்ற முடியாது என்பதே, சூத்திரத்தின் வழியாக அளவு மாற்றுவதற்கான வலுவான காரணம்.

ஆனால் சூத்திரத்துக்கும் எல்லை உண்டு. அதே இடத்தில் 30 என்று எழுதினாலும் தகடு எந்தத் தயக்கமுமின்றி வளரும். துளை 32 என்று காட்டும். 24 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட போல்ட்டுக்கு அதே தரநிலை கேட்பது 3 மில்லிமீட்டர் கூடுதல். அதன்படி துளை 33 ஆகவும் ஆரம் 48க்குப் பதிலாக 49.5 ஆகவும் இருக்க வேண்டும். வரைபடத்தில் முறிவு இல்லை, எச்சரிக்கை இல்லை, உருவம் குறையின்றி அழகாகவே இருக்கும். பிழை எண்ணில் மட்டுமே ஒளிந்திருக்கும். ஆகவே இத்தகைய வரைபடத்தை உருவாக்குபவர், சூத்திரம் 16 முதல் 24 வரையிலான போல்ட்டுகளுக்கு மட்டுமே பொருந்தும் என்பதை வரைபடத்திலேயே எழுதிவைப்பதோடு, பட்டறைக்கு அனுப்புமுன் அந்த இரு எல்லை மதிப்புகளையும் இட்டு, கிடைக்கும் துளையையும் ஆரத்தையும் கையால் கணக்கிட்டு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.