பத்து இலட்சமா, எட்டு இலட்சமா?
(மன்றக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



வெல்லாவெளியில் ஒருவருக்குப் பரிசு விழுகிறதென்று வைத்துக்கொள்வோம். கொடுப்பவர் இரண்டு வழி சொல்கிறார். இன்றே 8 இலட்சம் ரூபாவை ஒன்றாகப் பெறலாம். அல்லது இன்று தொடங்கி ஆண்டுக்கு 2 இலட்சமாக ஐந்து முறை பெறலாம். ஐந்து முறையும் கூட்டினால் 10 இலட்சம். எட்டிலும் பத்துப் பெரிது என்று உடனே கைநீட்டலாமா? இதுவே நாம் இன்று ஆராய எடுத்த பொருள்.

விதைப்புக்கு நெல் கடன் கொடுப்பவர் அறுவடையில் அதே அளவை வாங்குவதில்லை. சற்றுக் கூட்டியே கேட்பார். இன்றைய நெல்லும் நாலு மாதத்தின் பின் வரும் நெல்லும் ஒன்றல்ல என்பது நமது வயற்காரருக்குத் தெரிந்ததே. பணமும் அவ்வாறே. வங்கி நூற்றுக்கு 10 வட்டி தந்தால், இன்றைய 100 ரூபா அடுத்த ஆண்டில் 110 ஆகும். ஆகவே அடுத்த ஆண்டு வரும் 110 ரூபாவுக்கு இன்று பெறுமதி 100 ரூபாவே. இதனையே நிகழ்காலப் பெறுமதி என்பர். ஓராண்டு தள்ளி வருவதை 1.1 ஆல் ஒருமுறை பிரிக்க வேண்டும். ஈராண்டு தள்ளி வருவதை இருமுறை பிரிக்க வேண்டும்.

இனி நமது பரிசைப் பார்ப்போம். முதல் 2 இலட்சம் இன்றே வருவதால் குறைவதில்லை. அடுத்தவை முறையே 1,81,818, 1,65,289, 1,50,263, 1,36,603 ரூபாவாகச் சுருங்கும். கூட்டினால் 8,33,973 ரூபா. பத்து இலட்சம் என்று ஒலித்தது உண்மையில் இவ்வளவே. எனினும் 8 இலட்சத்தை விட அதிகமாதலால், 10 வீத வட்டியில் ஆண்டுப் பணமே மேல்.

இதில் ஐயமுள்ளவர்கள் மறுபுறமாகவும் சோதிக்கலாம். 8 இலட்சத்தை வாங்கி, 2 இலட்சத்தைச் செலவுக்கு எடுத்து, மிகுதியை வங்கியில் இட்டு, ஆண்டுதோறும் 2 இலட்சம் எடுத்து வருக. ஐந்தாம் முறை எடுக்கப் போகையில் கணக்கில் 1,50,260 ரூபாதான் இருக்கும். 49,740 ரூபா குறையும். வட்டி 15 வீதமானால் விடை தலைகீழாகும். ஐந்து முறையும் எடுத்த பின்னரும் 50,729 ரூபா மிஞ்சும். இரண்டு வழியும் சமமாகும் எல்லை ஏறத்தாழப் பன்னிரண்டரை வீதம். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: நமது வட்டி வீதம் இந்த எல்லைக்கு மேலா, கீழா?

அந்த வீதம் வீட்டுக்கு வீடு வேறுபடும். மனைவியின் நகை 24 வீத வட்டிக்கு அடகில் இருந்தால், அவ்வீட்டின் வீதம் வங்கி வீதமன்று. அந்த 24 தான். அவருக்கு ஆண்டுப் பணத்தின் பெறுமதி 6,81,000 ரூபா அளவே. அவர் 8 இலட்சத்தை வாங்கி நகையை மீட்பதே அறிவுடைமை. கடனில்லாத அயலவர் அதே பரிசில் மற்ற வழியைத் தெரிவதும் தவறன்று.

வீதம் காலத்தோடும் மாறும். 2022 ஏப்பிரல் 8 ஆம் நாள் இலங்கை மத்திய வங்கி தன் கடன் வசதி வீதத்தை 7.5 இலிருந்து 14.5 ஆக ஒரே நாளில் உயர்த்தியது. எல்லையின் கீழிருந்த வீதம் ஒரே இரவில் மேலே சென்றுவிட்டது. விலைவாசி ஏறுமென்ற எதிர்பார்ப்பும் பெரும்பாலும் அவ்வட்டியினுள்ளேயே அடங்கும். ஆதலால் வட்டியால் ஒருமுறை கழித்துவிட்டு, விலையேற்றத்துக்கென மறுமுறை கழிப்பது பிழை.

உலகின் பெரும் பரிசுகளுக்கும் இதே கணக்குத்தான். 2022 நவம்பரில் அமெரிக்காவின் பவர்போல் லொத்தரில் 204 கோடி டொலர் என விளம்பரப்படுத்திய பரிசு, ஒன்றாக வாங்கினால் வரிக்கு முன் 99.76 கோடியே. எஞ்சியதை ஏமாற்றிவிட்டார்கள் என்பதற்கில்லை. அந்த 204 கோடி, ஒவ்வொன்றும் முந்தியதிலும் 5 வீதம் கூடுதலாக 30 தவணைகளில் வருவது. நாம் கணக்கிட்டதில் இரண்டும் சமமாவது ஏறத்தாழ 4.4 வீதத்தில். வென்றவர் ஒன்றாகவே வாங்கினார்.

இறுதியாக, இக்கணக்குக்கு எட்டாதவை இரண்டு உள. கொடுப்பவர் ஐந்தாண்டும் வாக்குத் தவறாதிருப்பாரா என்பது ஒன்று. அதில் ஐயமிருந்தால், பின்வரும் பணத்தை இன்னும் உயர்ந்த வீதத்தால் பிரிக்க வேண்டும். மற்றையது நமது கை. 8 இலட்சம் வங்கியில் கிடக்கும் என்றே கணக்குக் கருதுகிறது. ஒரு கலியாண வீட்டிலும் ஒரு மோட்டார் சைக்கிளிலும் அது கரைந்துபோனால், அதன் பின் வட்டியைக் கணக்கிட ஒன்றும் இராது. தன் கையைத் தானறிந்தவர், சிறிது குறைந்தாலும் ஆண்டுப் பணத்தைத் தெரிவாராக.