பொடிக்கக் கூடாத பிரஷர் மாத்திரை

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். பல வருடமாக பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன், அவ்வளவுதான்.

திருவொற்றியூரில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மா, விழுங்கச் சிரமப்படும் மாமியாருக்கு மாத்திரையைப் பொடித்துக் கஞ்சியில் கலந்து கொடுத்து வந்தார். காலையில் மருந்து கொடுத்த ஒரு மணி நேரத்தில் பெரியம்மாவுக்குத் தலைசுற்றல், படபடப்பு. ராத்திரி பார்த்தால் பிரஷர் 170. அட்டையை மருந்துக் கடையில் காட்டிய பிறகுதான் விஷயம் புரிந்தது. அது நிஃபெடிபின் 30 மில்லிகிராம். பெயருக்குப் பின்னால் 'இ.ஆர்.' என்று இருந்தது.

அந்த எழுத்துக்குப் பொருள், மருந்து மெதுவாக வெளியேறும் என்பது. நிஃபெடிபின் சுமார் இரண்டு மணி நேரத்தில் இரத்தத்தில் பாதியாகக் குறைந்துவிடும். அதனால்தான் 24 மணி நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, சராசரியாக மணிக்கு ஒன்றேகால் மில்லிகிராம் வெளிவரும்படி மாத்திரையைக் கட்டியிருக்கிறார்கள். பொடித்தால் அந்தக் கட்டு போய்விடும். மாதாமாதம் வரவேண்டிய பென்ஷனை ஒரே நாளில் எடுத்துச் செலவழித்த மாதிரி, 30 மில்லிகிராமும் ஒரேயடியாக இறங்கும். பிரஷர் சட்டென்று விழும். அதை ஈடுகட்ட இதயம் வேகமாகத் துடிக்கும். பத்து மணி நேரத்தில் மருந்து அநேகமாகத் தீர்ந்துவிடும். ராத்திரி பாதுகாப்பே இல்லை. மென்று தின்றாலும் இதே கதைதான்.

இது உயிருக்கே ஆபத்தாகலாம். அமெரிக்காவில் ஒரு பெண்ணுக்கு இந்த வகை நிஃபெடிபினைப் பொடித்து, இன்னொரு பிரஷர் மருந்தோடு மூக்குக் குழாய் வழியாகக் கொடுத்ததால் அவர் இறந்தது, 2003-இல் மருத்துவ இதழில் பதிவானது.

எல்லா மாத்திரையும் அப்படியில்லை. அம்லோடிபின் இயல்பாகவே உடம்பில் நீண்ட நேரம் நிற்கும். அதன் சாதாரண மாத்திரையைப் பாதியாக்கலாம். மெட்டோப்ரோலால் சக்சினேட் நீண்டநேர மாத்திரையில் நடுவே கோடு இருந்தால், டாக்டர் சொன்னபடி கோட்டில் உடைக்கலாம். காரணம், சில தயாரிப்புகளில் மருந்து நூற்றுக்கணக்கான சிறு உருண்டைகளில் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பூச்சு. ஆனால் அந்தப் பாதியையும் மெல்லவோ பொடிக்கவோ கூடாது.

இன்னொன்று. சில மாத்திரைகளின் வெற்று ஓடு மலத்தில் அப்படியே வரும். மருந்து கரையவில்லை என்று பயந்து அடுத்த முறை பொடித்துவிடாதீர்கள். உள்ளே இருந்த மருந்து போய்ச் சேர்ந்திருக்கும்.

வீட்டில் சந்தேகம் இருந்தால், மாத்திரை கொடுத்த ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறையும், அடுத்த வேளைக்கு முன் ஒரு முறையும் பிரஷர் பார்த்து எழுதி வையுங்கள். முதல் அளவு மிகத் தாழ்ந்தும் இரண்டாவது மிக உயர்ந்தும் இருந்தால், டாக்டரிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள். எஸ்.ஆர்., எக்ஸ்.எல்., இ.ஆர்., ரிடார்ட் என்று அட்டையில் இருந்தால், உடைக்கும் முன் மருந்தாளுநரைக் கேளுங்கள். விழுங்க முடியாதவருக்கு வேறு மருந்தோ, பொடிக்கக்கூடிய சாதாரண மாத்திரையோ டாக்டர் மாற்றித் தருவார். நாமாக நிறுத்திவிடவும் கூடாது.

அந்தப் பெரியம்மாவுக்கு மருந்தை மாற்றிய பிறகு காலைத் தலைசுற்றல் நின்றுவிட்டது.