சாகும் முன் சொன்ன சொல்லும் நிபுணர் சொன்ன கருத்தும்



கோர்ட்டில் சாட்சி சொல்வது எப்படி என்பது பலருக்கும் தெரியும். சாட்சி கூண்டில் ஏறி நிற்பார். உண்மையே சொல்வேன் என்று உறுதி எடுப்பார். தன் கண்ணால் கண்டதைச் சொல்வார். பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து கேள்வி மேல் கேள்வி கேட்பார். இதற்குக் குறுக்கு விசாரணை என்று பெயர். சாட்சி தடுமாறுகிறாரா, முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறாரா என்று நீதிபதி பார்த்துக்கொண்டிருப்பார்.

இதில் இரண்டு விதிகள் இருக்கின்றன. முதல் விதி, கேள்விப்பட்டதைச் சொல்லக்கூடாது. "பக்கத்து வீட்டுக்காரர் பார்த்ததாகச் சொன்னார்" என்றால் கோர்ட் ஏற்காது. அந்தப் பக்கத்து வீட்டுக்காரரே வர வேண்டும். இரண்டாவது விதி, சொந்தக் கருத்தைச் சொல்லக்கூடாது. "இவன்தான் செய்திருப்பான் என்று நினைக்கிறேன்" என்றால் அது சாட்சியம் ஆகாது. பார்த்ததைச் சொல்வது சாட்சியின் வேலை. முடிவு செய்வது நீதிபதியின் வேலை.

இந்த இரண்டு விதிகளுக்கும் சட்டம் சில விலக்குகள் வைத்திருக்கிறது. முதல் விதிக்கு ஒரு விலக்கு மரண வாக்குமூலம். இரண்டாவது விதிக்கு ஒரு விலக்கு நிபுணர் கருத்து. 1872ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டத்தில் இவை 32, 45 என்ற பிரிவுகளில் இருந்தன. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற புதிய சட்டம் நடப்பில் உள்ளது. அதில் இவை 26, 39 என்ற பிரிவுகளில் உள்ளன.

சட்டம் ஏன் இந்த விலக்குகளைத் தந்தது? ஒரு நிகழ்ச்சியை எண்ணிப் பார்ப்போம்.

ஒரு சிறிய ஊர். இரவு பத்து மணி. தீக்காயம் பட்ட ஒரு பெண்ணை அரசு மருத்துவமனைக்குக் கொண்டு வருகிறார்கள். கூடவே கணவரும் வருகிறார். "எப்படி நடந்தது?" என்று டாக்டர் கேட்கிறார். "ஸ்டவ் வெடித்தது" என்கிறாள் அந்தப் பெண். டாக்டர் அதைக் குறித்துக்கொள்கிறார்.

பிறகு காயத்தை அளக்கிறார். இதற்கு ஒரு கணக்கு உண்டு. உடம்பு முழுவதும் நூறு என்று வைத்துக்கொள்வார்கள். தலையும் முகமும் 9. ஒரு கைக்கு 9. ஒரு காலுக்கு 18. உடலின் முன்பக்கம் 18, பின்பக்கம் 18. மீதி 1 மறைவிடத்துக்கு. இந்தப் பெண்ணுக்கு முகமும் தலையும், இரண்டு கைகளும், உடலின் முன்பக்கமும், இரண்டு கால்களின் முன்பக்கமும் வெந்திருக்கின்றன. 9, 18, 18, 18. கூட்டினால் 63. நூற்றில் 63 பங்கு தீக்காயம்.

பிழைப்பது கடினம் என்று டாக்டருக்குத் தெரிகிறது. உடனே போலீசுக்குத் தகவல் தருகிறார். மாஜிஸ்திரேட்டுக்கும் கடிதம் போகிறது. நள்ளிரவு பன்னிரண்டே கால் மணிக்கு மாஜிஸ்திரேட் வருகிறார்.

மாஜிஸ்திரேட் முதலில் கணவரையும், உறவினரையும், போலீசாரையும் வெளியே போகச் சொல்கிறார். யாரும் சொல்லிக் கொடுக்கக்கூடாது, யாருக்கும் அவள் பயப்படக்கூடாது என்பதற்காகத்தான். பிறகு டாக்டரிடம், "இவர் பேசும் நிலையில் இருக்கிறாரா?" என்று கேட்கிறார். டாக்டர் எழுதிக் கொடுக்கிறார். அதோடு அவர் விடுவதில்லை. "உங்கள் பெயர் என்ன? எந்த ஊர்? எத்தனை பிள்ளைகள்? இப்போது எங்கே இருக்கிறீர்கள்?" என்று தானே கேட்கிறார். அவள் சரியாகப் பதில் சொல்கிறாள். அதன் பிறகுதான், "என்ன நடந்தது?" என்று கேட்கிறார்.

"அவர்தான் மண்ணெண்ணெய் ஊற்றினார். தீக்குச்சி கிழித்துப் போட்டார்" என்கிறாள் அவள்.

மாஜிஸ்திரேட் அதை அவள் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதுகிறார். படித்துக் காட்டுகிறார். அவளுடைய பெருவிரல் வெந்திருக்கிறது. அதனால் கால் பெருவிரல் ரேகையை வைக்கிறார். ஏன் அப்படி வைத்தார் என்பதையும் எழுதுகிறார். தொடங்கிய நேரம், முடிந்த நேரம் இரண்டையும் குறிக்கிறார். முடியும் வரை அவள் நினைவோடு இருந்தாள் என்று டாக்டர் கையெழுத்துப் போடுகிறார். நான்காம் நாள் அந்தப் பெண் இறந்துவிடுகிறாள்.

அவளைக் கூண்டில் ஏற்ற முடியாது. உறுதிமொழி எடுக்கச் சொல்ல முடியாது. குறுக்கு விசாரணை செய்யவும் முடியாது. ஆனாலும் அவள் சொன்னதை கோர்ட் சாட்சியமாக எடுத்துக்கொள்கிறது. காரணம் இரண்டு. ஒன்று, அவளை விட்டால் நடந்ததைச் சொல்ல வேறு ஆள் இல்லை. மூடிய வீட்டுக்குள் இரண்டே பேர். ஒருவர் இறந்துவிட்டார். அவர் சொல்லைத் தள்ளினால் கொன்றவர் தப்பிவிடுவார். மற்றொன்று, சாகப் போகிறவர் பொய் சொல்ல மாட்டார் என்பது மக்களின் பழைய நம்பிக்கை. கோர்ட்டும் அதற்கு மதிப்புத் தருகிறது.

சட்டம் இதைத் தாராளமாகவே பார்க்கிறது. மாஜிஸ்திரேட்தான் எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. டாக்டரிடம் சொல்லலாம். அக்கம்பக்கத்தாரிடம் வாய்மொழியாகவும் சொல்லலாம். ஆனால் கேட்டவர் கோர்ட்டுக்கு வந்து, அவர் சொன்ன சொல்லை மாற்றாமல் சொல்ல வேண்டும். வாயால் பேச முடியாதவர் சைகையாலும் சொல்லலாம். 1885ஆம் ஆண்டு அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு நடந்தது. கழுத்து அறுபட்ட ஒரு பெண்ணால் பேச முடியவில்லை. ஒவ்வொரு பெயராகச் சொல்லிக் கேட்டார்கள். ஆம், இல்லை என்று கையை அசைத்துக் காட்டினாள். அந்தச் சைகையை நீதிமன்றம் வாக்குமூலமாக ஏற்றது. 2012ஆம் ஆண்டு டெல்லி பேருந்தில் நடந்த கொடுமையிலும் இறந்த பெண்ணின் ஒரு வாக்குமூலம் சைகையால் பதிவானது. 2017இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது.

ஆனால் இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் இறந்தவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்க முடியாது. பொய்யாக இருந்தால் நிரபராதி ஆயுள் முழுவதும் சிறையில் இருப்பார். தூக்குக்கும் போகலாம். அதனால்தான் கோர்ட் இதை நுணுக்கமாகச் சோதிக்கிறது. வாக்குமூலம் உண்மையானது, யாரும் தூண்டாமல் சொன்னது என்று முழு நம்பிக்கை வந்தால், அதை மட்டும் வைத்தே தண்டனை தரலாம். 1957இல் உச்ச நீதிமன்றம் இப்படித் தீர்ப்புச் சொன்னது. நம்பிக்கை வராவிட்டால் வேறு சாட்சியத்தின் துணை வேண்டும்.

இனி நிபுணர். அந்த டாக்டரும் சாட்சியாகக் கோர்ட்டுக்கு வருகிறார். தீ வைத்ததை அவர் பார்க்கவில்லை. ஆனாலும் அவருடைய கருத்தைக் கோர்ட் கேட்கிறது. தீக்காயம் பற்றி நீதிபதி படித்தவர் அல்லர். கைரேகை, கையெழுத்து, துப்பாக்கிக் குண்டு, ரசாயனம் இவற்றிலும் அப்படித்தான். அந்த வேலையைக் கற்றவர் சொன்னால்தான் நீதிபதிக்குப் புரியும்.

ஆக, இரண்டு சாட்சியங்களும் நேர் எதிரானவை. இறந்த பெண் நேரில் அறிந்தவள். அவளைக் கேள்வி கேட்க முடியாது. டாக்டர் நேரில் அறியாதவர். அவரைக் கேள்வி கேட்கலாம். அதனால் நிபுணர் வெறுமனே முடிவை மட்டும் சொன்னால் போதாது. காரணத்தையும் சொல்ல வேண்டும். எதைப் பார்த்தார், எப்படிச் சோதித்தார் என்று விளக்க வேண்டும். அதன் பிறகும் அவர் சொல் கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது. அது ஆலோசனைதான். ஏற்பதும் தள்ளுவதும் நீதிபதி கையில்.

நம் நிகழ்ச்சிக்கு வருவோம். கணவரின் வக்கீல் டாக்டரிடம் கேட்கிறார்: "வலி குறைய ஊசி போட்டீர்களா?" "பதினோரு மணிக்குப் போட்டேன்." "அந்த ஊசி மயக்கம் தருமா?" "தரலாம். ஆனால் மாஜிஸ்திரேட் கேட்டபோது அவர் பெயரும் ஊரும் சரியாகச் சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன். குறிப்பேட்டிலும் எழுதியிருக்கிறேன்."

வக்கீல் அடுத்த கேள்வியைக் கேட்கிறார்: "முதலில் ஸ்டவ் வெடித்தது என்றுதானே சொன்னார்?" இது நியாயமான கேள்வி. இரண்டு வாக்குமூலங்களும் ஒன்றோடு ஒன்று மோதுகின்றன. நீதிபதி எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. சூழ்நிலையைப் பார்க்கிறார். முதல் பேச்சின்போது கணவர் பக்கத்தில் நின்றார். இரண்டாவது பேச்சின்போது அவள் தனியாக இருந்தாள். தடயவியல் நிபுணரும் வருகிறார். போலீசார் எடுத்த ஸ்டவ் உடையவில்லை, அதன் தொட்டி முழுசாக இருந்தது என்கிறார். அவளுடைய ரவிக்கையில் மண்ணெண்ணெய் இருந்தது என்கிறார். எல்லாம் ஒன்றோடு ஒன்று பொருந்துகின்றன. நீதிபதி இரண்டாவது வாக்குமூலத்தை நம்புகிறார்.

இதையே மாற்றிப் பாருங்கள். ஸ்டவ்வின் தொட்டி பிளந்து கிடந்தது. மாஜிஸ்திரேட் எழுதும்போது அவளுடைய அண்ணன் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார். அப்போது சந்தேகம் வரும். சந்தேகத்தின் பலன் கணவருக்குப் போகும்.

டாக்டரின் சான்று இல்லாவிட்டால் வாக்குமூலம் செல்லாதா? இதில் ஒரு காலத்தில் குழப்பம் இருந்தது. 1999இல் உச்ச நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பு, நினைவோடு இருந்தார் என்று டாக்டர் எழுதினால் போதாது, தெளிந்த மனநிலையில் இருந்தார் என்றும் எழுத வேண்டும் என்றது. அதே ஆண்டில் மற்றொரு தீர்ப்பு வேறு விதமாகச் சொன்னது. 2002இல் ஐந்து நீதிபதிகள் சேர்ந்து இதைத் தீர்த்தார்கள். சான்று ஒரு பாதுகாப்பு, அவ்வளவுதான். எழுதியவர் நேரில் பார்த்து, இவர் தெளிவாக இருக்கிறார் என்று உறுதி செய்துகொண்டால் போதும். அதாவது நிபுணரின் காகிதம் இல்லை என்பதற்காக இறந்தவரின் சொல்லைத் தூக்கி எறியக்கூடாது.

எதிர்ப்பக்கமும் உண்டு. நூற்றுக்கு நூறு தீக்காயம் பட்ட ஒரு பெண்ணின் வாக்குமூலம் 1998இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. இரண்டு பெருவிரல்களும் வெந்திருந்தன. ஆனால் காகிதத்தில் இருந்த கைநாட்டில் ரேகைக் கோடுகள் தெளிவாகத் தெரிந்தன. வெந்த விரலில் இத்தனை தெளிவான கோடு எப்படி வந்தது? இதற்கு ஒழுங்கான விளக்கம் இல்லை. கோர்ட் அந்த வாக்குமூலத்தை நம்பவில்லை. அதற்காக, நூறு பங்கு வெந்தவர் பேசவே முடியாது என்று விதி செய்துவிட்டதாக எண்ண வேண்டாம். 2015இல் அப்படிப்பட்ட ஒருவர் சொன்னதை அதே கோர்ட் ஏற்றது. ஒவ்வொரு வழக்கையும் தனித்தனியாகத்தான் பார்க்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. வாக்குமூலம் தந்தவர் பிழைத்துக்கொண்டால் என்ன ஆகும்? அப்போது அது மரண வாக்குமூலம் இல்லை. அவரே கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீலின் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். பழைய காகிதம் அவர் பேச்சுக்குத் துணையாக நிற்கும். அவர் மாற்றிப் பேசினால், அதைக் காட்டி அவரை மடக்கவும் உதவும். பேசக்கூடியவர் உயிரோடு இருக்கும்போது, அவருக்குப் பதிலாகக் காகிதம் பேசக்கூடாது என்பதுதான் சட்டம்.