அமர்வுக் குறிப்பும் ஓர் அமானத்தே

(நமது டிரஸ்டின் குழந்தைகள் சிகிச்சை மையப் பணியாளர்கள், தன்னார்வலர்களுக்கான பயிற்சி நாளில் செயலாளர் ஆற்றிய உரை)



அன்புச் சகோதர சகோதரிகளே! கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி சூரா அல்பகராவின் 282ஆம் வசனம் நமக்குப் பணிக்கிறது. அடுத்தவர் குறையைத் துருவிப் பார்ப்பதையும் புறம் பேசுவதையும் சூரா அல்ஹுஜுராத்தின் 12ஆம் வசனம் தடுக்கிறது. எழுது என்பதும் நம் மார்க்கம்தான், மறை என்பதும் நம் மார்க்கம்தான். ஒவ்வொரு அமர்வு முடிந்து நாம் எழுதும் குறிப்பில் இந்த இரண்டும் ஒரே தாளில் சந்திக்கின்றன.

நம் மையத்தில் நாமே செய்த ஒரு தவறை முதலில் ஒப்புக்கொள்கிறோம். யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்கிறோம். ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி. வீட்டில் நன்றாகப் பேசுவாள், பள்ளியில் ஒரு சொல்லும் வராது. பேச்சு சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்தாள். ஒருநாள் அவள் உம்மா, தான் குலா கேட்டு ஜமாஅத்தில் மனு கொடுத்திருப்பதை அழுதுகொண்டே சொன்னார். சிகிச்சையாளர் அதை அப்படியே அன்றைய குறிப்பில் எழுதினார். யார் என்ன சொன்னார்கள், எவ்வளவு பணம் பேசப்பட்டது என்பது வரை எழுதிவிட்டார். அவர் நோக்கத்தில் குறையில்லை.

இரண்டு வாரம் கழித்துப் பள்ளியிலிருந்து அறிக்கை கேட்டார்கள். நம் அலுவலகத்தில் கோப்பு முழுவதையும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிட்டோம். அது மஹல்லா முழுக்கப் பேச்சாயிற்று. அந்தத் தாய் பிள்ளையைக் கூட்டி வருவதை நிறுத்திவிட்டார். நான்கு மாதம் அமர்வு இல்லை. கிசுகிசுப்பு வரை வந்திருந்த பிள்ளை மறுபடி மௌனத்துக்குப் போய்விட்டாள்.

அதன் பிறகு பயந்துபோய் எதிர்ப்பக்கம் சாய்ந்தோம். "குழந்தை நன்றாக ஒத்துழைத்தது, முன்னேற்றம் உள்ளது" என்றே எல்லாக் கோப்பிலும் எழுதத் தொடங்கினோம். ஒரு சிகிச்சையாளர் பிரசவ விடுப்பில் போனபோதுதான் அதன் விலை தெரிந்தது. புதிதாக வந்தவர் இருபது குறிப்புகளைப் படித்தும் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று கண்டுகொள்ள முடியவில்லை. முதலிலிருந்து தொடங்கினார். குறைத்து எழுதினாலும் பாதிக்கப்படுவது அதே பிள்ளைதான்.

ஆகவே நாம் கைக்கொள்ள வேண்டிய அளவுகோல் ஒன்றுதான். ஒரு வரியை எழுதுமுன், இந்த வரி இல்லாவிட்டால் அடுத்த அமர்வு கெடுமா என்று கேளுங்கள். கெடும் என்றால் எழுதுங்கள். கெடாது என்றால் விடுங்கள். குடும்ப விஷயம் சிகிச்சையைத் தொடுகிறதென்றால், கதையை எழுதாமல் பிள்ளையிடம் அதன் விளைவை மட்டும் எழுதுங்கள்.

அந்தச் சிறுமியின் அன்றைய குறிப்பு எப்படி இருந்திருக்க வேண்டும் என்று பார்ப்போம்.

பதிவு எண், தேதி, 40 நிமிடம்.

இலக்கு: இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விக்கு வாயால் பதில் சொல்வது.

செய்தது: வண்ணக் கட்டை விளையாட்டு. "சிவப்பா, நீலமா?" போன்ற 12 கேள்விகள். தாயார் முதல் 20 நிமிடம் அருகில், பிறகு கதவருகில்.

கண்டது: 2 கேள்விக்குக் குரலோடு பதில், 5 கேள்விக்குக் கிசுகிசுப்பு, 5 கேள்விக்கு விரலால் சுட்டுதல். குரலோடு வந்த இரண்டும் தாயார் அருகில் இருந்தபோது வந்தவை. சென்ற வாரம் குரலோடு பதில் ஏதுமில்லை.

வீடு: சில மாற்றங்கள் நடப்பதாகத் தாயார் கூறினார். தாயை விட்டு விலகப் பிள்ளை வழக்கத்தைவிட அதிகம் தயங்கினாள்.

அடுத்து: தாயாரை உடனே விலக்க வேண்டாம், 30 நிமிடம் அருகிலேயே இருக்கட்டும். கேள்வி கேட்டபின் 5 விநாடி காத்திருத்தல்.

இதில் குலா என்ற சொல் இல்லை. ஆனாலும் அடுத்த சிகிச்சையாளருக்கு வேண்டியது ஒன்றும் குறையவில்லை. தாயே வாங்கிப் படித்தாலும் மனம் நோகாது. "நன்றாக" என்ற சொல்லுக்குப் பதில் எண்ணிக்கை இருப்பதையும் கவனியுங்கள். "பிடிவாதம் பிடித்தாள்" என்பது நம் தீர்ப்பு, "விரலால் சுட்டினாள்" என்பது நாம் கண்டது. கண்டதை எழுதுவோம். ஊகம் எழுதியே தீரவேண்டும் என்றால் அது ஊகம் என்று சொல்லி எழுதுவோம்.

குறிப்பை அன்றே எழுத வேண்டும். மூன்று நாள் கழித்து எழுதினால் மற்ற பிள்ளைகளின் அமர்வும் கலந்துவிடும். பிழை வந்தால் வெள்ளை மை பூசாதீர்கள். ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் இடுங்கள். கோப்பின் மேல் பெயருக்குப் பதில் பதிவு எண் மட்டும் இருக்கட்டும். பெயர்ப் பதிவேடு தனி அலமாரியில் பூட்டியிருக்கும். பள்ளியோ வேறு யாரோ கேட்டால் பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதம் பெற்று, ஒரு பக்கக் கடிதம் தனியாக எழுதிக் கொடுப்போம். கோப்பு ஜெராக்ஸுக்குப் போகாது. குறிப்பைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் கூடாது, அது நம் பணியாளர் குழுவாகவே இருந்தாலும் சரி.

இனி மறைக்கவே கூடாத ஒன்றைச் சொல்ல வேண்டும். தன்னிடம் யாரோ தகாத முறையில் நடந்ததாக ஒரு பிள்ளை சொன்னால், மேலே சொன்ன அளவுகோல் அங்கே செல்லாது. "வீட்டில் சில மாற்றங்கள்" என்று பூசி மெழுகுவது அங்கே துரோகம். பிள்ளை சொன்ன சொற்களை, அது உறுப்புக்கு வீட்டில் வழங்கும் பெயராக இருந்தாலும், மாற்றாமல் மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். அதற்கு முன் நீங்கள் கேட்ட கேள்வியையும் நேரத்தையும் எழுதுங்கள். துருவித் துருவிக் கேட்காதீர்கள், பிள்ளை வாயில் சொல்லை வைக்காதீர்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், அதை உங்களால் காப்பாற்ற முடியாது. இந்தத் தாள் அமர்வுக் கோப்பில் சேராது. தனி உறையில் இட்டு அன்றே பொறுப்பாளரிடம் கொடுங்கள்.

2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, இப்படித் தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பதைக் கடமையாக்குகிறது. தெரிவிக்காமல் இருப்பது 21ஆம் பிரிவின்படி குற்றம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அழைக்கலாம். குடும்ப மானம் போய்விடும், ஜமாஅத்தில் வைத்துப் பேசி முடிப்போம் என்று பெரியவர்கள் நம்மிடம் வரக்கூடும். அவர்கள் மீதுள்ள மரியாதை குறையாமல், இது ஜமாஅத் பேசி முடிக்கும் விஷயமில்லை என்று சொல்ல வேண்டியது டிரஸ்ட் நிர்வாகமாகிய எங்கள் பொறுப்பு. அந்தப் பாரத்தைச் சிகிச்சையாளர் தலையில் வைக்க மாட்டோம்.

அந்தச் சிறுமியின் வீட்டுக்கு நாங்கள் நேரில் போய் மன்னிப்புக் கேட்டோம். உம்மா முதலில் பதில் சொல்லவில்லை. பிறகு, "இனிமே என்ன எழுதுறீங்கன்னு எனக்குப் படிச்சுக் காட்டுவீங்களா பாய்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அன்றிலிருந்து, பெற்றோர் கேட்டால் அமர்வுக் குறிப்பைப் படித்துக் காட்டுவது நம் மைய வழக்கமாயிற்று. அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை மறுபடி வருகிறாள். போன வாரக் குறிப்பில் 12 கேள்விக்கு 4 குரலோடு என்று இருக்கிறது.

வஸ்ஸலாம்.